பீர் ஊற்றும் முறை: சாய்வு, நுரை, வாயு, சுத்தமான கிளாஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஒரு விடுதியின் பாரில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் ஓராண்டு கிளாஸ் கழுவுவது மட்டுமே என் வேலை. பிறகுதான் மேசைக்குப் பீர் ஊற்றிக் கொடுக்க விட்டார்கள். அந்த வரிசை சரியானது என்று இப்போதும் நம்புகிறேன், ஏன் என்பது கீழே உள்ள பதில்களில் தெரியும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 650 மில்லி லாகர் பாட்டிலையும், வீட்டில் இருக்கும் 400 மில்லி கண்ணாடிக் கிளாஸையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

கிளாஸை ஏன் சாய்த்துப் பிடிக்கிறார்கள்? நேராக வைத்து ஊற்றினால் என்ன ஆகும்?

பாட்டிலுக்குள் கரியமில வாயு அழுத்தத்தில் கரைந்து கிடக்கிறது. மூடியைத் திறந்த பிறகு அது வெளியேறத் தயாராக இருந்தாலும், தானாகக் குமிழியாகிவிடுவதில்லை. குமிழி உருவாக ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். நேராக நிற்கும் கிளாஸின் அடியில் உயரத்திலிருந்து பீர் விழும்போது, விழுகிற வேகத்தில் வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்றுத் துளிகள் ஒவ்வொன்றும் கரைந்த வாயுவுக்குத் தொடக்கப் புள்ளியாகிவிடும். பாதி கிளாஸ் நிறைவதற்குள் நுரை விளிம்பைத் தொட்டு வழிந்துவிடும்.

சாய்த்துப் பிடித்தால் பீர் விழாமல் சுவர் வழியே வழுக்கி இறங்குகிறது. மோதல் குறைவு, உள்ளே சிக்கும் காற்றும் குறைவு. 45 பாகை என்று சொல்வார்கள். கோணமானியை எடுக்க வேண்டியதில்லை, நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவே இருந்தால் போதும். கோணத்தைவிட முக்கியம் பீர் படும் இடம். விளிம்பில் படாமல், சுவரின் பாதி உயரத்தில் படவேண்டும். பாட்டிலின் கழுத்து கிளாஸைத் தொடக்கூடாது, பீருக்குள் முங்கவும் கூடாது. பாட்டிலின் வெளிப்புறம் எத்தனை கைகள் பட்டு, எத்தனை பெட்டிகளில் உரசி வந்தது என்று நமக்குத் தெரியாது.

எந்தக் கட்டத்தில் கிளாஸை நிமிர்த்த வேண்டும்?

ஒரு தடவை ஊற்றுவதை முதலிலிருந்து சொல்கிறேன்.

கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் உள்ளும் புறமும் ஒருமுறை அலசிவிட்டு, கவிழ்த்து உதறுங்கள். துடைக்க வேண்டாம். ஈரமான சுவரில் பீர் சீராக வழுக்கும். காய்ந்த சுவரில் ஒட்டியிருக்கும் தூசியும் துணி இழையும் தேவையற்ற குமிழிகளைக் கிளப்பும். அறைச் சூட்டில் இருந்த கிளாஸும் சற்றுக் குளிரும்.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, சுவரின் நடுவில் படும்படி, தயங்காமல் ஒரே சீராக ஊற்றத் தொடங்குங்கள். பலர் பயந்துபோய்ச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அப்போது பாட்டிலின் கழுத்தில் காற்று நுழைந்து ‘கொளக் கொளக்’ என்று சத்தம் கேட்கும். அந்தக் குலுக்கலே பாட்டிலுக்குள் இருக்கும் மீதிப் பீரையும் கலக்கி நுரைக்க வைக்கும். பாட்டிலை அதிகம் கவிழ்க்காமல், பீர் கழுத்தின் அடிப்பாதியில் ஓடி, மேற்பாதியில் காற்று உள்ளே போக வழி இருந்தால் சத்தமே வராது.

கிளாஸ் பாதி நிறைந்ததும், ஊற்றுவதை நிறுத்தாமல் மெல்ல நிமிர்த்துங்கள். முக்கால் பங்கு நிறையும்போது கிளாஸ் நேராக நிற்க வேண்டும். இனி பீரின் நட்டநடுவில் ஊற்றுங்கள். பாட்டிலை இரண்டு மூன்று விரற்கடை உயர்த்தினால் நுரை எழும், தாழ்த்தினால் அடங்கும். இந்தக் கடைசிக் கால்பங்கில்தான் நுரையின் அளவை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நுரை நின்று, அதன் தலை விளிம்புக்குச் சற்று மேலே வளைந்து எழுந்தால் ஊற்றியது சரி.

முதல் தடவை நுரை கூடிப்போனால் கவலைப்படாமல் அரை நிமிடம் நிறுத்துங்கள். நுரை வடிந்து பீராகும், பிறகு தொடரலாம். 650 மில்லியையும் ஒரே கிளாஸில் அடக்க முயலவேண்டாம். மீதியைப் பாட்டிலிலேயே நிறுத்தி வைத்தால் வாயுவும் குளிர்ச்சியும் கொஞ்ச நேரம் தங்கும்.

நுரை இல்லாமல் ஊற்றினால்தானே பீர் அதிகம் கிடைக்கும்? நுரைக்கும் சேர்த்தல்லவா காசு கொடுக்கிறோம்?

பாரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கணக்காகவே பார்க்கலாம். கிளாஸின் உள் விட்டம் 7 சென்டிமீட்டர், நுரை 3 சென்டிமீட்டர் என்றால் நுரையின் கன அளவு ஏறக்குறைய 115 மில்லி. புதிதாக எழுந்த நுரையில் கால்பங்கு பீர் என்று வைத்துக்கொண்டால் அதில் இருப்பது 30 மில்லிக்கும் குறைவு. அதுவும் எங்கேயும் போய்விடவில்லை, வடிந்து கீழே வந்து சேர்கிறது. பாட்டிலில் இருந்த 650 மில்லியும் உங்களுக்குத்தான். மக் அளவுக்கு விலை வைக்கும் பார்களில் மட்டும் இந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. ஜெர்மனியில் இதற்காகவே கிளாஸில் அளவுக்கோடு போட்டிருப்பார்கள். பீர் கோட்டைத் தொடவேண்டும், நுரைக்கு அதன் மேலே தனி இடம்.

நுரையைத் தவிர்த்து ஊற்றியவருக்கு என்ன கிடைக்கிறது என்றும் பாருங்கள். சாதாரண லாகரில் அதன் கன அளவைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கரியமில வாயு கரைந்திருக்கிறது. 650 மில்லி பாட்டிலில் இருப்பதை வெளியே விரித்து வைத்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் வரும். ஊற்றும்போது அதில் ஒரு பகுதியாவது கிளாஸிலேயே வெளியேற வேண்டும். அப்படி வெளியேறாத வாயு வாயிலும் வயிற்றிலும்தான் வெளியேறும். நுரையே இல்லாமல் கிளாஸை நிரப்பிக் குடித்துவிட்டு வயிறு உப்புசம் என்று சொல்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, அடுத்த கிளாஸை இரண்டு விரற்கடை நுரையோடு ஊற்றிப் பாருங்கள் என்பதுதான்.

வாசனையும் இருக்கிறது. ஹாப்ஸ் பூவின் மணமும் பார்லியின் மணமும் குமிழிகளோடுதான் மேலே வருகின்றன, ஒவ்வொரு குமிழி உடையும்போதும் கொஞ்சம் மணம் மூக்குக்கு எட்டுகிறது.

சோடாவிலும் அதே வாயுதானே? அதில் நுரை நிற்பதில்லை, பீரில் மட்டும் எப்படி நிற்கிறது?

கோலி சோடாவை ஊற்றினால் ‘புஸ்’ என்று எழுந்து உடனே அடங்கிவிடும். குமிழியைச் சுற்றிப் பிடித்து நிறுத்த அதில் ஒன்றும் இல்லை. பீரில் முளைகட்டிய பார்லியிலிருந்து வந்த புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒரு பக்கம் தண்ணீரை விரும்பும், மறுபக்கம் தண்ணீரை விட்டு ஒதுங்கும். அதனால் குமிழியின் தோலில் போய் வரிசையாக நின்றுகொள்கின்றன. ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள்கள் இந்தப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அந்தத் தோலை இறுக்குகின்றன. நல்ல நுரையின் மேல்பகுதி கொஞ்ச நேரத்தில் ஆடைபோல் கெட்டிப்படுவதும், அந்த நுரையை நாக்கில் வைத்தால் பீரைவிடக் கசப்பதும் இதனால்தான்.

எண்ணெயும் கொழுப்பும் இந்த இடத்தில்தான் கைவைக்கின்றன. ஒரு சொட்டு எண்ணெய் குமிழியின் தோலில் பரவினால் அங்கே புரதங்களின் பிணைப்பு விட்டுப்போகும், தோல் மெலிந்து குமிழி உடையும். பாத்திரம் துலக்கும் திரவத்தின் மிச்சமும் இதையே செய்யும். அது தனியாகத் தண்ணீரில் நுரைத்தாலும், பீரின் புரதங்களைத் தோலிலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கிளாஸ் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு நிமிடத்தில் நுரை காணாமல் போகிறது. பீர் பழசா?

பழசாக இருக்கலாம், ஆனால் நான் முதலில் கிளாஸைத்தான் சந்தேகப்படுவேன். காரணம் ஒரு சனிக்கிழமை மாலை.

அன்று ஊற்றிய ஒவ்வொரு கிளாஸிலும் நுரை எழுந்தது. ஆனால் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் சோப்புத் தண்ணீர்போல் பெரிய பெரிய குமிழிகளாகி, நடுவில் ஓட்டை விழுந்து, ஓரத்தில் மெல்லிய வளையமாகச் சுருங்கிவிட்டது. மூன்று மேசைகளிலிருந்து பீர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேலாளர் அந்தப் பெட்டியை ஒதுக்கச் சொன்னார். வேறு பெட்டியைத் திறந்தோம், அதிலும் அதே கதை. வேறு நிறுவனத்தின் பீரைத் திறந்தோம், அதுவும் அப்படியே. இரண்டு நிறுவனங்களின் பீர் ஒரே மாலையில் கெட்டுப்போகாது. எங்கள் மூத்தவர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், ஒரு புதுக் கிளாஸ் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். அதில் ஒன்றை எடுத்து, வெந்நீரிலும் பிறகு குளிர்ந்த நீரிலும் நன்றாக அலசி, அதே பாட்டிலின் மீதியை ஊற்றினார். நுரை வெண்ணெய்போல் நின்றது.

பின்கட்டில் போய்ப் பார்த்தோம். அன்று கூட்டம் அதிகம் என்பதால், உதவிக்கு வந்த பையன் மீன் வறுவல் தட்டுகளைத் தேய்த்த அதே நாரால் கிளாஸ்களையும் தேய்த்திருந்தான், தொட்டித் தண்ணீரும் ஒன்றுதான். கண்ணுக்கு எல்லாம் பளபளப்பாகவே இருந்தன. எண்ணெய்ப் படலம் அவ்வளவு மெல்லியது. அதைக் கண்ணால் பிடிக்க முடியாது, பீர் பிடித்துவிடும்.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட வரிசை இதுதான்: நுரை நிற்காவிட்டால் முதலில் வேறு கிளாஸ், பிறகு வேறு பாட்டில். புதிதாகக் கழுவிய கிளாஸில் நுரை நின்றால் குற்றம் பழைய கிளாஸில். அதிலும் நிற்காமல், ருசியில் நனைந்த அட்டைபோல் ஒரு மந்தம் இருந்தால் பீர் பழசாகிவிட்டது.

கிளாஸின் சுவரில் குமிழிகள் முத்துமுத்தாக ஒட்டியிருக்கின்றனவே, அது நல்ல பீருக்கு அடையாளம்தானே?

விளம்பரப் படங்களில் அழகாக இருக்கும். உண்மையில் அது அழுக்கின் வரைபடம். குமிழிக்குத் தொடக்கப் புள்ளி வேண்டும் என்று மேலே சொன்னேன். கழுவிய பின்னும் எண்ணெய்ப் பசை, துணி இழை, உப்புத்தண்ணீர் காய்ந்த வெண்படலம் என்று ஏதாவது மிச்சமிருந்தால், அதன் இடுக்கில் துளிக் காற்று சிக்கி நிற்கும். கரைந்த வாயு அதைத் தேடிவந்து சேர்ந்து குமிழியாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விரல் ரேகை பட்ட இடத்தில் ரேகையின் வடிவிலேயே குமிழி வரிசை நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சுத்தமான கிளாஸின் சுவர் வெறுமையாக, தெளிவாக இருக்கும். குமிழிகள் பீருக்குள்ளிருந்து மெல்லிய சரங்களாக மேலே போய்க்கொண்டிருக்கும்.

சில நிறுவனங்கள் தங்கள் கிளாஸின் அடியில் வேண்டுமென்றே சிறு கீறல்களைப் பொறித்திருப்பார்கள், நுரைக்குத் தொடர்ந்து குமிழி ஊட்டுவதற்காக. அடியின் நடுவிலிருந்து மட்டும் சரம் எழுந்தால் அது அந்தப் பொறிப்பு, அழுக்கு இல்லை.

பீரை ஊற்றாமலே கிளாஸ் சுத்தமா என்று சோதிக்க முடியுமா?

முடியும். கிளாஸைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கினால் சுத்தம். துளித்துளியாகப் பிரிந்து நின்றால், துளி நிற்கும் இடமெல்லாம் எண்ணெய். இன்னும் தெளிவாகப் பார்க்க, ஈரமான கிளாஸின் உட்புறம் முழுவதும் தூள் உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும், பசையுள்ள இடத்தில் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விட்டுப்போகும். உதட்டுச்சாயம் பட்ட விளிம்பு இதில் அப்படியே காட்டிக் கொடுக்கும்.

குடிக்கும்போதும் தெரியும். சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு நுரை வளையம் சுவரில் தங்கும். காலி கிளாஸைப் பார்த்து எத்தனை மிடறு குடித்தார் என்று எண்ணிவிடலாம். பாரில் மேசையிலிருந்து திரும்பி வரும் காலி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அண்ணாச்சியின் பழக்கம். வளையம் இல்லாவிட்டால் அந்த வரிசை முழுவதும் மறுபடி தொட்டிக்குப் போகும்.

வீட்டில் பீர் கிளாஸை எப்படிக் கழுவ வேண்டும்?

பீருக்கென்று இரண்டு கிளாஸ்களை ஒதுக்கிவிடுங்கள். பால், மோர், காபி எதுவும் அவற்றில் வேண்டாம். அவற்றுக்கென்று தனியாக ஒரு புது நாரையும் வைத்துக்கொள்ளுங்கள், குழம்புச் சட்டியைத் தேய்த்த நார் அருகில் வரக்கூடாது. துலக்கும் திரவத்தை இரண்டு சொட்டுக்கு மேல் விடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்து, வழவழப்பு துளியும் இல்லாமல் போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசுங்கள். பலர் தவறுவது இந்த அலசலில்தான். திரவமே வேண்டாம் என்றால், ஈரமான கிளாஸில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டுத் தேய்த்து அலசலாம். லேசான பசைக்கு இதுவே போதும்.

போர்வெல் தண்ணீரில் கழுவும் வீடுகளில் நாளடைவில் வெண்படலம் ஏறும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். அதன்பின் வினிகர் வாடை போகும்வரை அலசுங்கள்.

துணியால் துடைக்காதீர்கள். சமையலறைத் துணியில் எண்ணெய் இல்லாமல் இருக்காது. கம்பித்தட்டில் கவிழ்த்து, அடியில் காற்றுப் போக வழிவிட்டுக் காய வையுங்கள். துணிமேல் கவிழ்த்தால் உள்ளே ஈரமும் துணியின் வாடையும் தங்கிவிடும்.

கிளாஸை ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்தால் நல்லதா?

வேண்டாம். உறைந்த கிளாஸின் உட்சுவரில் பனித்துகள்கள் படிந்திருக்கும். ஒவ்வொரு துகளும் குமிழிக்குத் தொடக்கப் புள்ளி என்பதால் ஊற்றியதும் கட்டுக்கடங்காமல் நுரைக்கும். பனி உருகி பீரில் தண்ணீராகக் கலக்கும். ஃப்ரீசரில் மீனும் இறைச்சியும் இருந்தால் அந்த வாடையும் பனியோடு சேர்ந்து வரும். குளிர்ந்த தண்ணீரில் அலசுவதே போதுமான குளிர்ச்சி.

மூடியைத் திறந்ததுமே பொங்கி வழிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் சூடுதான். குளிர்ந்த பீரில் வாயு அமைதியாகக் கரைந்து கிடக்கும், சூடான பீரில் வெளியேறத் துடிக்கும். 5 டிகிரியில் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம், 30 டிகிரியில் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். கார் டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்துக்கு அது வந்துவிடும். வெயிலில் வண்டியில் குலுங்கி வந்த பாட்டிலை ஃப்ரீசரில் அரை மணி வைத்துவிட்டுத் திறப்பவர்கள் பலர். அதற்குள் பாட்டிலின் ஓரம்தான் குளிர்ந்திருக்கும், நடுவில் இன்னும் சூடு இருக்கும். மறந்துவிட்டாலோ உறைந்து பாட்டிலே வெடிக்கும்.

குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நிற்க வைத்து ஓர் இரவு விடுங்கள். ஊற்றும்போது பீர் 4 முதல் 7 டிகிரிக்குள் இருந்தால் மேலே சொன்ன முறை அப்படியே வேலை செய்யும். அவசரமென்றால் ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் கழுத்துவரை முக்கி வைப்பது ஃப்ரீசரைவிட வேகமானது, சீரானதும்கூட.

எல்லா வகைப் பீருக்கும் இதே முறைதானா?

லாகருக்கு இது. பவேரியாவின் கோதுமை பீரில் வாயு இன்னும் அதிகம், பாட்டிலின் அடியில் ஈஸ்ட் மண்டியும் இருக்கும். உயரமான அரை லிட்டர் கிளாஸை ஈரப்படுத்தி, நன்றாகச் சாய்த்து, மிக மெதுவாக ஊற்ற வேண்டும். கடைசி இரண்டு விரற்கடை பீரைப் பாட்டிலிலேயே சுழற்றி, மண்டியைக் கலக்கி, நுரையின் நடுவில் விடுவார்கள். நைட்ரஜன் கலந்த கறுப்பு ஸ்டௌட்டுக்கு முக்கால் கிளாஸ் ஊற்றிவிட்டு, மேகம்போல் கலங்கியது தெளியும்வரை காத்திருந்து மீதியை நிரப்புவது வழக்கம். நைட்ரஜன் பீரில் எளிதில் கரையாது. அதனால் குமிழிகள் சிறிதாகவே இருந்து நுரை நெடுநேரம் நிற்கும்.

செக் நாட்டின் பில்சன் நகரில்தான் 1842-இல் பொன்னிற லாகர் முதலில் காய்ச்சப்பட்டது. அந்த நாட்டில் நுரையையே தனிப் பானமாக மதிக்கிறார்கள். கிளாஸ் முழுவதும் ஈரமான, அடர்ந்த நுரையாக நிரப்பி, அதைப் ‘பால்’ என்று பொருள்படும் பெயரில் பரிமாறுவார்கள். வடிவதற்குள் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். அந்த நுரை அவர்களுடைய பக்கவாட்டுக் குழாயால் வருவது. பாட்டிலில் முயன்றால் கிடைப்பது பெரிய குமிழிகள் மட்டுமே.

கிளாஸும் சுத்தம், ஊற்றியதும் சரி. பாதி குடிக்கும்போது நுரை போய்விடுகிறதே?

பக்கத்தில் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வறுத்த மீன், நெத்திலி, நேந்திரம் சிப்ஸ், எண்ணெயில் பொரித்த கடலை என எதைத் தின்றாலும் உதட்டில் எண்ணெய் ஏறும். அடுத்த மிடறில் அந்த எண்ணெய் நுரைக்குப் போய்விடும். உதடு பட்ட இடத்திலிருந்து நுரை அரைவட்டமாக விலகி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மீனை விடச் சொல்ல மாட்டேன். குடிப்பதற்கு முன் வாயைக் காகிதத் துவாலையில் ஒற்றிக்கொள்ளுங்கள், கிளாஸை எண்ணெய்க் கையால் விளிம்பில் பிடிக்காமல் அடிப்பகுதியில் பிடியுங்கள். தொட்டுக்கொள்ள அவித்த சுண்டலோ உப்புப் போட்டு அவித்த கடலையோ இருந்தால், கடைசி மிடறு வரை வளையங்கள் விழும்.